வாடகை ஒப்பந்த நகல்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

எரிவாயு இணைப்பு மாற்றத்துக்காகக் கொடுத்த வாடகை ஒப்பந்தம் திரும்பி வராது என்பது இன்று உறுதியாகிவிட்டது. சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி அசலை வாங்கி வைத்தவர் இப்போது அந்தக் கவுண்டரிலேயே இல்லை. புதிதாக வந்தவர் இரண்டு அலமாரிகளைத் திறந்து காட்டி, "நீங்களே பாருங்கள்" என்றார். பார்த்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய ஆதார் நகல் அங்கே இருக்கிறது. என் ஒப்பந்தம் இல்லை.

அலுவலகத்தில் இந்த மாதக் கடைசிக்குள் வீட்டு வாடகைப்படிக்கான ஆவணங்களைக் கேட்டிருக்கிறார்கள். என் பெரிய கவலை அதுவல்ல, முன்பணம். மொத்தம் 75,000 ரூபாய். அதில் 50,000 வங்கி வழியாகப் போனது, கணக்கில் தெரியும். மீதி 25,000 ரொக்கம். அதைக் கொடுத்ததற்கு ஒப்பந்தத்தின் ஒரு வரியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஜனவரி 5, ஞாயிறு

வீட்டு உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், எதையும் தூக்கிப்போடாதவர். "என்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது தம்பி, வந்து பாருங்கள்" என்றார். இங்கே பெரும்பாலும் நடப்பதுதான்: முத்திரைத்தாளில் ஒரே ஒரு பிரதி எழுதி, ஒருவர் அசலையும் மற்றவர் நகலையும் எடுத்துக்கொள்வது. ஆளுக்கொரு அசல் போட்டிருந்தால் இந்த நாட்குறிப்புக்கே வேலை இல்லை.

11 மாத ஒப்பந்தம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. பதிவு செய்திருந்தால் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கியிருக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பிடமும் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். அதையும் உரிமையாளர் செய்யவில்லை. ஆக, எந்த அரசு அலுவலகத்திலும் இதன் பிரதி இல்லை. இருப்பது அவருடைய ஜெராக்ஸ் மட்டுமே.

ஜனவரி 8, புதன்

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து கொடுத்த கடைக்குப் போனேன். கணினியில் கோப்பு இருக்கிறதாம். "புது முத்திரைத்தாளில் அதே தேதி போட்டு அடித்துத் தருகிறேன், இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்றார் கடைக்காரர்.

முடியாது. முத்திரைத்தாளை விற்பவர் அதில் வரிசை எண்ணையும் விற்ற தேதியையும் வாங்குபவர் பெயரையும் எழுதி, முத்திரை குத்தித்தான் தருவார். 2025 ஜனவரியில் விற்ற தாளில் 2024 ஜூன் 1 அன்று கையெழுத்திட்டதாக எழுதினால், தாளே நம்மைப் பொய்யர்களாக்கிவிடும். "பழைய தேதித் தாளும் ஏற்பாடு செய்யலாம்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். அது இன்னும் மோசம். உண்மையாக நடந்த ஒன்றை நிரூபிக்க எதற்குப் போலி ஆவணம்?

ஜனவரி 11, சனி

உரிமையாளர் வீட்டில் ஜெராக்ஸைப் பார்த்தேன். மூன்று பக்கங்கள். எழுத்தும் இருவர் கையெழுத்தும் தெளிவு. முதல் பக்கத்தில் முத்திரைத்தாள் விற்பனையாளரின் வட்ட முத்திரை மட்டும் சாம்பல் திட்டாக விழுந்திருக்கிறது. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் படிக்க முடியவில்லை. முன்பணம் பற்றிய வரி பிசகில்லாமல் இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் அவர் கொடுத்த காபி இறங்கியது.

அவருடைய மகன் இன்னொரு யோசனை சொன்னார்: இன்றைய தேதியில் புதிய ஒப்பந்தமே போட்டுவிடலாம், வாடகையையும் அப்படியே "சரிசெய்து" கொள்ளலாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. புதிய ஒப்பந்தம் இன்றிலிருந்துதான் பேசும். ஜூன் முதல் கொடுத்த வாடகைக்கும் அன்று வாங்கிய முன்பணத்துக்கும் அது சாட்சி சொல்லாது.

நான் கேட்டது இரண்டு. ஜெராக்ஸின் பிரதியில் ஒவ்வொரு பக்கத்திலும் "என் வசமுள்ள நகலின் உண்மை நகல்" என்று எழுதி, இன்றைய தேதியுடன் அவருடைய கையெழுத்து. அதோடு, ஒப்பந்தம் நடப்பில் இருப்பதையும் முன்பணம் அவரிடம் இருப்பதையும் ஒப்புக்கொள்ளும் தனிக்கடிதம்.

உரிமையாளர் தயங்கினார். "இதை வைத்துக்கொண்டு இன்னும் 11 மாதம் இருப்பேன் என்று சொல்ல மாட்டீர்களே?" நியாயமான பயம். அதற்கும் ஒரு வரி எழுதிவிடலாம் என்றேன். பொங்கல் முடிந்து வரச்சொன்னார்.

ஜனவரி 16, வியாழன்

விடுமுறையில் கடிதத்தை எழுதி முடித்தேன். இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும் என்று, பெயர்களை நீக்கி இங்கே தருகிறேன்:

"என் வீட்டின் முதல் மாடியை மாதம் 12,500 ரூபாய் வாடகைக்கு, 01.06.2024 முதல் 30.04.2025 வரை 11 மாதங்களுக்கு, திரு. ——— அவர்களுக்கு விட்டு, 01.06.2024 அன்று இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். முன்பணமாக வங்கி வழியாக 50,000 ரூபாயும் ரொக்கமாக 25,000 ரூபாயும், ஆக 75,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன். அத்தொகை இன்றுவரை என்னிடம் உள்ளது. டிசம்பர் 2024 வரை வாடகை பாக்கி இல்லை. வாடகைதாரர் வசம் இருந்த அசல் தொலைந்துவிட்டதாக அவர் தெரிவித்ததால், என்னிடம் உள்ள நகலின் பிரதியில் கையெழுத்திட்டு இத்துடன் தருகிறேன். இக்கடிதம் புதிய ஒப்பந்தம் ஆகாது. குத்தகைக் காலத்தையோ நிபந்தனைகளையோ மாற்றாது."

கடைசி வாக்கியம் அவருக்காக. ரொக்கத் தொகையைத் தனியாகச் சொல்லும் வாக்கியம் எனக்காக. "முன்பணம் பெற்றேன்" என்று மொட்டையாக எழுதினால், நாளை வங்கிக் கணக்கில் தெரியும் 50,000 மட்டும்தான் அது என்று யாரும் வாதிடலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

கையெழுத்தாகிவிட்டது. 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றதை ஒப்புக்கொள்ளும் எழுத்து ரசீதுக்குச் சமம் என்பதால், தபால் நிலையத்தில் வாங்கி வைத்திருந்த ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பைக் கடிதத்தின் கீழே ஒட்டினேன். ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலும் படும்படி அவர் கையெழுத்திட்டார். நகலின் பக்கங்களில், பழைய கையெழுத்துகள் மேல் பேனா படாமல், இடது ஓரத்தில் எழுதி இன்றைய தேதி போட்டார். கீழ்வீட்டு அம்மாவும் உரிமையாளரின் மகனும் சாட்சி. மகனே சாட்சியாக நின்றது நல்லது. நாளை "அப்பாவுக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்ல வழியில்லை.

நோட்டரியிடம் போகலாமா என்று மகன் கேட்டார். ஒரு நகலை உண்மை நகல் என்று சான்றளிக்க நோட்டரி அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே அசலே இல்லை. பணத்தை வாங்கியவரே ஒப்புக்கொண்டு போட்ட கையெழுத்துதான் எனக்கு முக்கியம்.

இம்முறை கடிதத்தில் இரண்டு அசல்கள், ஆளுக்கொன்று.

பான் எண் கேட்டபோது மட்டும் முகம் சுருங்கியது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரிச்சலுகை கேட்பவர் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும்; எனக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வருகிறது. வாடகை அவர் வங்கிக் கணக்குக்குத்தான் மாதாமாதம் போகிறது, மறைக்க ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொன்ன பிறகு எழுதிக்கொடுத்தார்.

ஜனவரி 22, புதன்

அலுவலகத்தில் நகலையும் கடிதத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். "அசல் எங்கே?" என்று கேட்ட கணக்குப்பிரிவு அம்மா, கடிதத்தைப் படித்ததும் வேறு கேள்வி கேட்கவில்லை. அவரிடம் கொடுத்தது ஸ்கேன் பிரதி. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மே மாதப் புதுப்பிப்புக்கு இரண்டு முத்திரைத்தாள் வாங்கப்போவதாக உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். இரண்டாவது தாளுக்கான செலவு யாருடையது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.