வினாக்கொத்தைத் தமிழாக்குவோருக்கு: நடு விடையைக் கவனியுங்கள்

முதுகலை ஆய்வுக்காகக் கொழும்பில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கருத்துக்கணிப்பை நடத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் மீள்மொழிபெயர்ப்போடு நின்றுவிடுகிறார்கள். தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்து, பொருந்தினால் சரி என்று விடுவது வழக்கம். அது போதாது என்பதை எங்கள் வினாக்கொத்தில் இருந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்கிறேன்.

வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும் நேரம் பற்றிய கேள்வி அது. ஆங்கில மூலம், திருப்தியா அதிருப்தியா என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கேட்கும். தமிழில் “எந்தளவுக்குத் திருப்தி அடைகிறீர்கள்?” என்று சுருக்கத்தான் கை போகும். அப்படிச் சுருக்கினால் கேள்வியே நல்ல பதிலின் பக்கம் சாய்ந்துவிடும், அதுவும் எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் பேசும் பழக்கம் உள்ளவர்களிடம். அதனால் நீளம் கூடினாலும் “திருப்தியா, அதிருப்தியா, எந்தளவுக்கு?” என்றே வைத்தோம்.

உண்மையான சிக்கல் ஐந்து விடைகளில் நடுவில் நின்றதுதான்: “திருப்தியும் இல்லை, அதிருப்தியும் இல்லை.” மீள்மொழிபெயர்ப்பில் இது அச்சு அசலாகத் திரும்பி வரும். ஆனால் வாசித்துக் காட்டும்போது, “திருப்தியும் இல்லை” என்ற இடத்திலேயே சிலர் “ஓம், அதுதான்” என்று விடுவார்கள். அவர்கள் சொல்ல வந்தது அதிருப்தி, படிவத்தில் பதிவது நடுநிலை. தாளில் தாங்களே வாசித்து நிரப்புகிறவர்களிடம் இது அவ்வளவாக நடக்காது. ஆகவே நேரடியாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் முன்னோடிச் சோதனையையும் வாய்வழியாகவே செய்யுங்கள்.

இதைப் பிடிக்க எட்டுப் பத்துப் பேர் போதும். ஆனால் எல்லோரும் பல்கலைக்கழக நண்பர்களாக இருக்கக் கூடாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை என்று வெவ்வேறு பேச்சும் படிப்பும் வயதும் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் சொன்னதும் “ஏன் அந்த விடையைத் தேர்ந்தீங்க?” என்று மட்டும் கேளுங்கள். நடு விடையைச் சொன்னவர், “மணிக்கணக்காக் காக்க வைச்சா என்ன திருப்தி?” என்று விளக்கினால் கேள்வி பிழை. “விளங்கிச்சா?” என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் அந்த விடையை “இரண்டுக்கும் நடுவில்” என்று மாற்றினோம். அப்புறம்தான் முக்கியமான வேலை: தமிழில் மட்டும் திருத்திவிட்டுப் போனால் இரண்டு மொழிப் பதில்களையும் ஒப்பிட முடியாது. சிங்களப் படிவத்தின் நடு விடையையும் அதே முறையில் சோதித்துப் பார்க்க வேண்டும். எதை, ஏன் மாற்றினோம் என்று குறித்து வையுங்கள், பகுப்பாய்வு எழுதும்போது தேவைப்படும்.

திருத்திய வடிவத்தைப் பழைய ஆட்களிடமே கேட்காதீர்கள். கேள்வி எதைத் தேடுகிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதிய சிலரிடம் கேளுங்கள். இந்தப் பத்துப் பேரின் பதிலை வைத்து வீதம் எதையும் கணக்கிடவும் வேண்டாம்.