ஐந்தாம் படி

மார்ச் 3

இரண்டு தள வீட்டின் முப்பரிமாண மாதிரியை முடித்துவிட்டேன். நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வீடு. இரவு பதினொரு மணிக்கு, மாதிரியை நிஜப் படம்போல் ஆக்கிக் காட்டும் முதல் ரெண்டர் வேலையை ஓடவிட்டேன். கூடத்தில் நின்று மாடிப்படியைப் பார்க்கும் காட்சி; கேமரா 1.6 மீட்டர் உயரத்தில், நிற்பவரின் கண் மட்டத்தில். நாற்பது நிமிடம் கண்கொட்டாமல் காத்திருந்தேன். படம் அழகாகத்தான் வந்தது, படிக்கு மேலே குறுக்காகக் கிடந்த ஒரு கறுப்புப் பட்டையைத் தவிர.

மார்ச் 4

நிழல்தான் என்று முடிவு கட்டி, சூரியனை இடம் மாற்றினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன். அரை நாள் போயிற்று. பட்டை அசையவே இல்லை. நிழலாக இருந்தால் சூரியனோடு நகர்ந்திருக்க வேண்டாமா? இது அப்போதே உறைக்காததற்கு என்னை நானே குட்டிக்கொண்டேன்.

பிறகு 1.75 மீட்டர் உயர மனித உருவம் ஒன்றை ஐந்தாம் படியில் நிறுத்திப் பார்த்தேன். தலைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையலாம், அவ்வளவுதான். அது நிழல் இல்லை, மேல்தளத்தைத் தாங்கும் பீம்.

மார்ச் 5

கணக்கு எளிது, அதனால்தான் வெட்கமாக இருக்கிறது. தளத்துக்குத் தளம் 3000 மி.மீ. படி ஒவ்வொன்றும் 150 உயரம். ஐந்தாம் படி 750. மேல்தளத்தின் கனம் 150. கழித்தால் 2100 மிஞ்சும், தலை இடிக்காமல் ஏற அது போதும். வீட்டை நெடுக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் வரைபடத்தில் நான் அதோடு நிறுத்திவிட்டேன். பொறியாளர் பின்னால் அனுப்பிய பீமின் ஆழம், தளக் கனத்தையும் சேர்த்து, 450. மிஞ்சுவது 1800. அந்த பீமை மாதிரியில் வைத்தவளும் நான்தான்! பிளானில் அது வெறும் புள்ளிக்கோடு.

மூத்தவரிடம் காட்டினேன். படத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“செக்‌ஷன் எப்போது வரைந்தாய் அம்மா?”

“பீம் வருவதற்கு முன்னால், சார்.”

“அதைத் திருத்து. கேமராவை இன்னும் அகலக் கோணத்தில் வைத்திருந்தால் இந்தப் படமும் உன்னை ஏமாற்றியிருக்கும்.”

மார்ச் 7

இரண்டு வழிகள் இருந்தன. மேல்தளத் திறப்பை இரண்டு படி அகலம், அதாவது 500 மி.மீ. நீட்டினால் பீம் மூன்றாம் படிக்கு மேலே போய்விடும், 2100 கிடைக்கும். ஆனால் மாடி நடைபாதை குறுகிவிடும். மற்றொன்று, பீமைத் தளத்துக்குக் கீழே தொங்கவிடாமல் மேலே தூக்குவது. பொறியாளர் கம்பிக் கணக்கைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்குச் சம்மதித்தார்.

இப்போது மாடியில், திறப்பின் ஓரமாக 300 மி.மீ. திண்டு ஒன்று எழுகிறது. குழந்தைகள் அதில் ஏறி நிற்பார்கள். ஆகவே கைப்பிடிக் கம்பியின் உயரத்தைத் தரையிலிருந்து எண்ணக்கூடாது, திண்டின் மேலிருந்து எண்ண வேண்டும். செக்‌ஷனில் முதலில் அதை எழுதிவைத்தேன். ரெண்டர் நாளைக்கு.