காயாத அட்டை

நவம்பர் 11, கோத்தகிரி

ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் இருக்கிறதா என்று பார்க்க, நேற்று முன்தினம் பிறந்த பெண் குழந்தையின் குதிகாலில் குத்தி இன்று ரத்தம் எடுத்தேன். பாதம் சில்லிட்டிருந்தது. வெதுவெதுப்பான துணியைச் சுற்றிய பிறகே சொட்டு இறங்கியது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை அட்டையின் வட்டத்தில் நிரப்பினேன்.

"பிறந்த அன்றே எடுத்திருக்கக் கூடாதா, சிஸ்டர்?" என்று பாட்டி கோபப்பட்டார். அன்று எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. புரதத்திலுள்ள ஃபினைலாலனைனைக் கழிக்கும் நொதி குழந்தையிடம் இல்லாவிட்டாலும், வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு நாளாவது பால் குடித்த பிறகுதான் அது ரத்தத்தில் ஏறும்.

நவம்பர் 14

அட்டையை ஆய்வகம் நிராகரித்துவிட்டது. ரத்தப் பொட்டுகளைச் சுற்றி நீர் வளையம். தப்பு என்னுடையதுதான். அட்டையைக் கிடையாக வைத்து மூன்று மணி நேரமாவது காற்றில் உலர்த்த வேண்டும்; இந்த மூடுபனியில் இன்னும் கூடுதலாக. கூரியருக்கு நேரமாகிறதென்று அரைகுறையாகக் காய்ந்ததை உறையில் போட்டுவிட்டேன். மறுபடியும் குத்தினேன். மூன்று நாள் வீண்.

நவம்பர் 17

ஃபினைலாலனைன் 22 மில்லிகிராம். ஒரு டெசிலிட்டரில் 1 அளவுக்குத்தான் இருக்க வேண்டும். குழந்தையோ நன்றாகக் குடிக்கிறாள், தூங்குகிறாள். பாட்டி நம்ப மறுப்பதில் வியப்பில்லை. ஆனால் மிகுந்துபோன ஃபினைலாலனைன், மூளைக்குள் செல்லும் வாயிலை அடைத்துக்கொண்டு மற்ற அமினோ அமிலங்களை உள்ளே விடாது. பாதிப்பு கண்ணுக்குத் தெரியச் சில மாதங்கள் ஆகும். அப்போது உணவை மாற்றினாலும் இழந்த அறிவு வளர்ச்சி முழுதாகத் திரும்பாது. பத்து நாள் வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோவை.

நவம்பர் 24

உறுதிப்படுத்தும் சோதனைகளும் முடிந்தன: ஃபினைல்கீட்டோனூரியாதான். சில நாள் ஃபினைலாலனைன் இல்லாத சிறப்புப் பால்மாவு மட்டும் கொடுத்ததில் அளவு 5-க்கு இறங்கியிருக்கிறது. 2-லிருந்து 6-க்குள் வைத்திருக்க வேண்டும்.

இன்று தாய்ப்பால் மறுபடியும் தொடங்கியது. அறவே நிறுத்தினால் அதுவும் கெடுதல். வளர்ச்சிக்கு ஃபினைலாலனைன் கொஞ்சம் வேண்டும். மூன்று கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் என்று மருத்துவர் குறித்துத் தந்தார். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 50 இருக்கும். ஆக 240 மில்லி. மீதிப் பசிக்கு அந்த மாவு. இத்தனை நாளும் பால் வற்றாமல் பீய்ச்சிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இன்று புட்டியை விளக்கின் எதிரே பிடித்துக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.

"கொஞ்சம் வளர்ந்ததும் பசும்பால் கொடுக்கலாமா?" என்றார் பாட்டி. கூடாது; அதில் மூன்று மடங்கு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அடுத்த ரத்தம். அதற்குள் காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சலில் உடல் தன் தசையையே கரைக்கும்; பாலைக் கூட்டாமலே அளவு ஏறிவிடும்.