ரசீதில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

விமான நிலைய கவுன்டரில் 500 டாலர் கொடுத்து யூரோ வாங்கினேன். ரசீதில் கொட்டை எழுத்தில் ‘கமிஷன் இல்லை’.

அதற்குக் கீழே பொடி எழுத்தில்: சேவைக் கட்டணம் 10 டாலர், விகிதம் 0.85.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டணம் போக 490 டாலர்தான் மாறியிருக்கிறது, கைக்கு வந்தது 416.50 யூரோ. ரசீதில் இருந்த அதே நேரத்துக்கு, வங்கிகள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலான விகிதத்தைப் போனில் பார்த்தால் 0.92. அந்த விகிதத்தில் 460 யூரோ வந்திருக்க வேண்டும்.

கைக்கு வராமல் போனது 43.50 யூரோ. அதை 460-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.5 சதவீதம்!

இதில் கட்டணத்தின் பங்கு சிறியதுதான். அதையே தள்ளுபடி செய்திருந்தாலும் 0.85 என்ற விகிதத்துக்குள்ளேயே 7.6 சதவீதம் ஒளிந்திருக்கிறது, அதற்கு ரசீதில் தனி வரி கிடையாது. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

சில ரசீதில் விகிதம் தலைகீழாக, ஒரு யூரோவுக்கு இத்தனை டாலர் என்று இருக்கும். குழம்ப வேண்டாம். கைக்கு வந்ததை, கொடுத்த மொத்தத்தால் வகுங்கள். எனக்கு 0.833 வந்தது. நான் உண்மையில் வாங்கிய விலை அதுதான்.