மோட்டார் ஓடுது, தண்ணி வரல: தலைப்பும் முதல் பத்து நொடியும்

மோட்டார் பம்பு பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரின் யூடியூப் சேனலுக்கு எடிட்டிங் செய்வதும் தலைப்பு எழுதுவதும் என் வேலை. அவர் சொல்லும் தலைப்பு எப்போதும் 'பம்பு பிரச்சினைகளும் தீர்வுகளும்' என்கிற மாதிரிதான் இருக்கும். தொழில் தெரிந்தவருக்கு அது சரியான தலைப்பு. ஆனால் தண்ணீர் வராத மோட்டார் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் அப்படித் தேட மாட்டார். 'motor oduthu thanni varala' என்றுதான் அடிப்பார், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்.

கேள்விகளை நான் இரண்டு இடத்திலிருந்து எடுக்கிறேன். ஒன்று யூடியூப் தேடல் பெட்டி. என் பழைய தேடல்கள் குறுக்கே வராமல் இருக்க மறைநிலை ஜன்னலில் திறந்து, பாதி வாக்கியம் அடித்து, கீழே அது என்ன காட்டுகிறது என்று பார்ப்பேன். இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய சுரங்கம், அண்ணன் கடைக்கு வரும் போன். அவர் 'சக்‌ஷன் எடுக்கல' என்பதை மறுமுனையில் இருப்பவர் 'டேங்க்ல தண்ணி ஏறல தம்பி' என்பார். அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்வேன்.

சரி, கேள்வி கிடைத்துவிட்டது, தலைப்பாகப் போட்டுவிடலாமா? இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியுமா என்று அண்ணனைக் கேட்டேன். "எந்த மோட்டார்னு தெரியாம எப்படிடா சொல்றது?" என்றார். கிணற்று மேட்டில் இருக்கும் மோனோபிளாக் என்றால் பெரும்பாலும் பைப்பின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வு. போர்வெல்லுக்குள் இருக்கும் சப்மெர்சிபிள் என்றால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், உள்ளே பைப் விட்டுப்போயிருக்கலாம். மோட்டார் சுற்றாமல் உர்ரென்று சத்தம் மட்டும் வந்தால் அது வேறு கேள்வி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் முதலில் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். பதில் 'அது பொறுத்து' என்று ஆரம்பித்தால் கேள்வி இன்னும் அகலமாக இருக்கிறது என்று அர்த்தம், அதை உடைக்க வேண்டும். அதனால் அது மூன்று வீடியோவானது. முதல் வீடியோவின் தலைப்பு 'கிணத்து மோட்டார் ஓடுது, தண்ணி வரல ஏன்?' தலைப்பில் நூறு எழுத்து வரை போடலாம்தான், ஆனால் போன் திரையில் வால்பகுதி வெட்டுப்படும், ஆகவே 'கிணத்து' முன்னால் வந்தே ஆக வேண்டும்.

முதல் சில நொடிகளுக்கு அண்ணனோடு கொஞ்சம் மல்லுக்கட்டினேன். வணக்கம், கடைப் பெயர், லோகோ, இசை எல்லாம் முன்னால் வேண்டும் என்றார். "பதிலை முதல்லயே சொல்லிட்டா போயிடுவாங்களே?" என்றும் கேட்டார். சிலர் போவார்கள், அது உண்மை. ஆனால் ஃபுட் வால்வு என்று கேட்டவருக்கு அடுத்து வரும் சந்தேகம் 'நம்ம வீட்டிலயும் அதுதானா' என்பது, அதற்காக உட்காருவார். கடைசியில் வீடியோ இப்படித் தொடங்கியது: "மோட்டாரை உடனே நிறுத்துங்க, தண்ணி இல்லாம ஓடினா சீல் போயிடும். கிணத்துக்குள்ள ஃபுட் வால்வு தண்ணியைப் பிடிச்சு வைக்கல, பம்புக்குள்ள காத்து நிக்குது. பிரைமிங் மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்க." நிறுத்தச் சொல்வதை முதலில் வைக்கச் சொன்னவர் அண்ணன்தான். மெக்கானிக்கல் சீலைக் குளிர்விப்பதே உள்ளே ஓடும் தண்ணீர். வீடியோ பார்க்கும் நேரத்தில் மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பழுது இரண்டாகும். இது எனக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த பகுதி முழுக்க உறுதிப்படுத்துவது. ஊற்ற ஊற்றத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால் வால்வு கசிகிறது. நிரம்பி அப்படியே நின்றும் மோட்டார் இழுக்கவில்லை என்றால், சக்‌ஷன் பைப் ஜாயின்ட் எங்கேயாவது காற்று இழுக்கும், அல்லது கோடையில் நீர்மட்டம் பம்பிலிருந்து சுமார் 25 அடிக்குக் கீழே போயிருக்கும். அதற்குக் கீழே இருந்தால் மேட்டில் இருக்கும் சாதாரண பம்பு இழுக்காது.

வெளியிட்ட பிறகு யூடியூப் ஸ்டுடியோவில் நான் முதலில் பார்ப்பது, முப்பதாவது நொடியில் எத்தனை பேர் மிச்சம் என்பதை. கிளிக் நன்றாக வந்து அங்கே கோடு செங்குத்தாக விழுந்தால், தலைப்பு கேட்ட கேள்வி ஒன்று, நாம் சொன்ன பதில் இன்னொன்று. அப்போது யூடியூப் தேடலில் என்ன சொற்களை அடித்து வந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறப்பேன். போர்வெல் என்று அடித்தவர்கள் கிணற்று வீடியோவுக்கு வந்திருந்தால், அவர்களுக்கான வீடியோவின் இணைப்பை விவரப் பகுதியின் முதல் வரியிலும் மேலே பின் செய்த கமென்டிலும் வைப்பேன்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. பழைய மோட்டாருக்குக் காயில் கட்டுவதை அண்ணன் முழுசாகக் காட்டிய வீடியோவை யாரும் கேள்வியாகத் தேடி வருவதில்லை, முகப்பில் பார்த்துத்தான் வருகிறார்கள். அதற்குக் கேள்வித் தலைப்பு வைப்பதில்லை, அதில் அவர் நிதானமாக வணக்கம் சொல்லியே ஆரம்பிப்பார்.