மூலநோய் தெரிந்த பிறகும் குடலுக்குள் பார்க்கச் சொன்ன வைத்தியர்

எனக்கு 43 வயது. மலம் கழித்து முடித்ததும் சிவந்த இரத்தம் சொட்டுச் சொட்டாக விழும், வலி இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் மூலம் என்றார்கள், காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான், எனக்கு மூலம் இருந்தது. ஆனால் மூலம் இருக்கிறது என்பதும், வருகிற இரத்தமெல்லாம் மூலத்திலிருந்துதான் வருகிறது என்பதும் ஒன்றல்ல. மூலம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. அது இருக்கிற ஒருவருக்கே அதற்கு மேலே குடலில் வேறொன்றும் இருக்கலாம்.

வெள்ளவத்தையில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் செய்து பார்த்தேன். அவர் பரிசோதிக்கும் முன் நெடுநேரம் கேள்வி கேட்டார். இரத்தம் மலத்தின் மேல் படிகிறதா, அதோடு கலந்து வருகிறதா? பளிச்சென்ற சிவப்பா, கறுத்த நிறமா? மலத்தோடு சளி வருகிறதா? மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறதா? எடை குறைந்ததா? பெற்றோர், சகோதரர்களில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருக்கிறதா? பெரும்பாலானவற்றுக்கு இல்லை என்றேன். சில நாட்களில் இரத்தக் கோடுடன் சளி வருவதை மட்டும் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

முதலில் செய்தது அனோஸ்கோபி. கொழும்பில் வைத்தியர்கள் துண்டில் புரொக்டோஸ்கோபி என்று எழுதுவதும் இதையே. இதற்குப் பட்டினி வேண்டாம், குடலைக் கழுவ வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். பக்கத்தில் பெண் தாதி ஒருவர் நின்றார். இடது பக்கமாகப் படுத்து முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இடுப்பை மூடித் துணி போர்த்தியிருந்தது. வைத்தியர் முதலில் கையுறை அணிந்த விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். பிறகு ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்: விரல் நீளத்துக்குச் சற்று அதிகம், நுனி மழுங்கிய தண்டு ஒன்று உள்ளே பொருத்தியிருக்கும். குழாய் உள்ளே போனதும் தண்டை உருவிவிட்டு, விளக்கொளியில் பார்த்துக்கொண்டே குழாயை மெல்ல வெளியே இழுப்பார்கள். "இப்போது மலம் கழிப்பதுபோல் முக்குங்கள்" என்றார். அந்த முக்கலில்தான் மூலம் புடைத்துக் குழாயின் வாய்க்குள் வந்து தெரிகிறது.

அழுத்தமும், மலம் வருவதுபோன்ற உணர்வும் இருந்தன. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. உள்மூலம் இருக்கும் இடத்தின் மெல்லிய தோலில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதனால்தான் அது வலியில்லாமல் இரத்தம் வடிக்கிறது. ஆசனவாயில் வெடிப்பு இருப்பவர்களுக்கு இதே குழாய் தாங்க முடியாத வலி தரும். அப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியர் வெளியிலிருந்து பார்த்துவிட்டு, குழாய் போடுவதைத் தள்ளிவைப்பார்.

மூலத்தின் இடத்தை, நோயாளி மல்லாந்து படுத்திருப்பதாகக் கொண்டு, கடிகார முகத்தை வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு 3 மணி, 11 மணி இடங்களில் இரண்டாம் நிலை மூலம், அதாவது முக்கும்போது வெளியே வந்து தானாகவே உள்ளே போய்விடும் வகை. 11 மணியில் இருந்ததன் மேல் புதிதாகக் கசிந்த சிவப்புப் புள்ளி. "அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டதா, டொக்டர்?" என்று கேட்டேன். "இந்தக் குழாய் ஆசனவாயையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும்தான் காட்டும். சொட்டுகிற இரத்தத்துக்கு இது காரணமாக இருக்கலாம். சளிக்கு மூலம் மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார்.

அதனால் அடுத்தது வளையும் சிக்மொய்டோஸ்கோபி. இந்தக் குழாய் சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், விரல் பருமன், நுனியில் கமரா. மலக்குடல், அதற்கு மேல் வளைந்து செல்லும் சிக்மொய்ட் பகுதி, இறங்கு குடலில் பெரும்பகுதி ஆகியவை இதில் தெரியும். குடல் முழுவதையும் கழுவத் தேவையில்லை. கீழ்ப்பகுதி காலியாக இருந்தால் போதும். காலையில் பொஸ்பேட் எனிமா கொடுத்தார்கள். அதற்கு முன் தாதி சிறுநீரக நோய் இருக்கிறதா என்று கேட்டார். அது இருப்பவர்களுக்கு இந்த எனிமா கூடாது. உடலில் பொஸ்பேட் தேங்கி ஆபத்தாகலாம். எனிமா ஏற்றியதும் உடனே ஓடிவிடாமல் சில நிமிடங்கள் அடக்கிப் படுத்திருப்பதுதான் முக்கியம். உடனே வெளியேற்றிவிட்டால் மலம் மிஞ்சி, கமராவுக்குச் சுவர் தெரியாது.

மயக்க மருந்து இல்லாததால் திரையை நானும் பார்த்தேன். இளஞ்சிவப்புச் சுவர், அதில் மெல்லிய கிளை கிளையான இரத்த நாளங்கள். அந்த நாளங்கள் தெளிவாகத் தெரிவதே அழற்சி இல்லை என்பதற்கு ஓர் அடையாளம் என்றார்கள். குடலை விரிக்கக் காற்று ஏற்றுவார்கள். சிக்மொய்ட் வளைவைக் கடக்கும்போது வயிற்றைப் பிசைவதுபோல் பிடித்து இழுத்தது. மூச்சை மெல்ல விட்டபோது தளர்ந்தது. காற்று வெளியேறினால் வெட்கப்பட வேண்டாம் என்று தாதி முன்கூட்டியே சொல்லியிருந்தார். எனக்கு அது பெரிய ஆறுதல்.

30 சென்டிமீட்டர் அளவில் ஒரு சிறு பொலிப், அதாவது குடற்சுவரிலிருந்து புடைத்து வளர்ந்த ஒன்று, இருந்தது, சுமார் 8 மில்லிமீட்டர். அதைக் கையோடு வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதிலிருந்து துணுக்கு மட்டும் எடுத்தார்கள். பொலிப்பை மின்சூட்டால் அறுப்பார்கள். எனிமா மட்டும் கொடுத்த குடலில், மேலே தேங்கிய மலத்திலிருந்து ஹைதரசன், மீதேன் வாயுக்கள் இருக்கக்கூடும். அவை தீப்பற்றும். அதனால் முழுதும் கழுவிய குடலில் செய்வதே பாதுகாப்பு.

துணுக்கின் அறிக்கையில் அடினோமா என்று வந்தது. அது புற்றுநோய் இல்லை. விட்டுவைத்தால் ஆண்டுகள் கழித்து அப்படி மாறக்கூடிய வகை. இடது பக்கத்தில் ஒன்று இருந்தால், அந்தக் குழாய் எட்டாத குறுக்குக் குடலிலும் வலது பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட முடியாது. வலது பக்கத்தில் ஏதாவது இருந்தால் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் வராமலே போகலாம். மெல்லக் கசிந்து உடலில் இரும்புச்சத்தைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தவர்களுக்கு மூலத்தைக் காரணம் காட்டி நிறுத்திவிடாமல், பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்யச் சொல்வது இதனால்தான்.

கொலனோஸ்கோபியில் கடினமானது அதற்கு முந்தின நாள்தான். கீரை, விதையுள்ள பழங்களை அதற்கும் முன்பே நிறுத்தினேன். அன்று தெளிந்த பானம் மட்டும்: வெறும் தேநீர், இளநீர். சிவப்பு நிறப் பானம் கூடாது, உள்ளே இரத்தம்போல் தெரியும். கழுவும் மருந்தை லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும். கடைசியில் வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால் குடல் தயார். பழுப்பாகக் கலங்கியிருந்தால் இன்னும் ஆகவில்லை. ஊசி போட்டதால் பரிசோதனை அரைத்தூக்கத்தில் கழிந்தது. பெருங்குடல் தொடங்கும் இடம் வரை பார்த்தார்கள். அந்தப் பொலிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை, அதையும் அறுத்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தாலும் அன்று வாகனம் ஓட்டக்கூடாது என்பதால் தங்கை வந்து அழைத்துப்போனாள்.

இவ்வளவு பெரிய பரிசோதனையின் அறிக்கையில் மூலத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. நீண்ட குழாயின் கமரா முன்னோக்கிப் பார்க்கிறது, ஆசனவாயை விரைவாகக் கடந்துவிடுகிறது, ஏற்றிய காற்றில் மூலமும் அமுங்கிப்போகிறது. நுனியை மலக்குடலுக்குள் பின்பக்கம் மடித்துப் பார்த்தாலும் சிறு குழாயளவு தெளிவு கிடைப்பதில்லை. முழுக் குடலையும் பார்த்தவர்களுக்கும் அந்தச் சிறு பரிசோதனை தேவைப்படுவது அதனால்தான்.

மூலத்துக்கான சிகிச்சையும் அதே சிறு குழாய் வழியாகவே நடந்தது. வலி உணராத பகுதியில், மூலத்தின் அடியில் இறப்பர் வளையம் போட்டார்கள். இரத்த ஓட்டம் நின்று அது சுருங்கி, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் வளையத்தோடு விழுந்துவிடும். விழும்போது கொஞ்சம் இரத்தம் வரலாம். நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை ஏற்பட்டாலோ தாமதிக்காமல் வரவேண்டும் என்று துண்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.