மூன்றாம் மாடியிலிருந்து மைனஸ் இரண்டை எடுப்பது

"மேம், லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கிறது. அதிலிருந்து மைனஸ் இரண்டை எப்படி எடுக்கிறது?"

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது. அதற்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மைனஸ் எண்களைச் சொல்லிக்கொடுக்க அதுவரை லிஃப்ட் நன்றாகவே உதவியது. டர்பன் பிள்ளைகளுக்கு மால் பார்க்கிங் பழக்கம்தான்: தரைத்தளம் ஜி, அதற்குக் கீழே பி1, பி2. ஜி-யைப் பூஜ்யம் என்றும் பி1, பி2-வை −1, −2 என்றும் எழுதிவிட்டால் போதும். −2 தான் −1-ஐ விடப் பெரியது என்று சாதிக்கிற பிள்ளைகூட, பி2 கீழே இருக்கிறது என்பதில் தடுமாறாது. தவறு வருவது எண்ணும்போது. −2-இலிருந்து 3-க்குப் போக எத்தனை மாடி என்றால் சிலர் பட்டன்களை எண்ணி 6 என்பார்கள், சிலர் ஜி-யை விட்டுவிட்டு 4 என்பார்கள். போர்டில் மாடிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, நிற்கிற மாடியை எண்ணாதே, விரல் தாண்டுவதை மட்டும் எண்ணு என்றால் 5 வந்துவிடும். −2 + 5 = 3.

இதில் முதல் எண் நிற்கிற இடம், அடுத்தது நகர்வு. 3 − (−2) வந்ததும் இந்தக் கதை முறிகிறது. கீழே இறங்குவதை எடுத்துவிடு என்று எந்த லிஃப்டிடமும் சொல்ல முடியாது. ரெண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம். என்னோடு வேலை செய்யும் மூத்த டீச்சர் அக்கா அப்படித்தான் செய்வார். நான் வெப்பநிலைக்குத் திரும்பினேன்.

தென்னாப்பிரிக்காவில் குளிருக்குப் பேர்போன சதர்லேண்டில் ஜூலைக் குளிர்கால இரவு −6, மறுநாள் மதியம் 9 என்று வைத்துக்கொள்வோம், எவ்வளவு ஏறியது? எல்லாரும் 15 என்றார்கள். உறைபனியே பார்க்காத கடற்கரைப் பிள்ளைகள், இவர்களுக்குத் தெரிந்த மைனஸ் ஃப்ரீசரின் −18 மட்டும்தான், ஆனாலும் ஒருவர்கூடத் தயங்கவில்லை. பூஜ்யம் வரை 6, அப்புறம் 9. ஏற்றத்தைக் கண்டுபிடிக்க மதியத்திலிருந்து இரவைக் கழிக்கிறோம், அதனால் 9 − (−6) = 15 என்று எழுதினேன். பிறகு லிஃப்டுக்கு வந்தோம். −2-இலிருந்து 3 எவ்வளவு மேலே? ஐந்து. 3 − (−2) = 5.

அதே பிள்ளை விடவில்லை. "அப்போ −2 − 3-உம் 5 தானே மேம்? அதே ரெண்டு மாடிதானே?"

தூரம் என்று பார்த்தால் அவள் சொன்னது சரி. "எங்கிருந்து எங்கே என்று பார். கழிக்கிற எண்ணிலிருந்து கிளம்பு, 3-இலிருந்து −2-க்கு ஐந்து கீழே, அதனால் −5" என்றேன். சரி என்று தலையாட்டினாள், ஆனால் முகம் தெளியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் இதே கணக்கை, −2-இல் நின்று மூன்று மாடி இறங்கு, −5 என்று செய்திருந்தோம். அப்போது −2 கிளம்பும் இடம், இப்போது போய்ச் சேரும் இடம். விடை ஒன்றுதான், கதை இரண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரே குறிக்கு இரண்டு கதையை ஏற்றலாமா?

ஏற்றத்தான் வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது, ஏனென்றால் கழித்தலுக்கு அந்த இரண்டு அர்த்தமும் உண்டு. விதியை மட்டும் படித்த பிள்ளைகளின் நோட்டில் −2 − 3 = 5 என்று இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ரெண்டு மைனஸ் கண்ணில் பட்டது, பிளஸ் ஆக்கிவிட்டார்கள். என் பிள்ளைகளிடம் இந்தத் தவறு குறைவு. ஆனால் டெஸ்டில் அவர்கள் மெதுவாகப் போனார்கள், பலர் கடைசிக் கணக்குகளைத் தொடவே இல்லை. தப்பாக எழுதினாலும் எழுதாமல் விட்டாலும் மார்க் ஒன்றுதான். "விதியைக் கொடும்மா, காரணம் அப்புறம் தானா வரும்" என்கிறார் அக்கா. அவருக்கு வந்திருக்கலாம். வராமலே பள்ளி முடித்த பெரியவர்களையும் நான் பார்க்கிறேன்.

இப்போதைக்கு, கூட்டலுக்கு லிஃப்ட், கழித்தலுக்கு வெப்பநிலை என்று பிரித்து வைத்திருக்கிறேன். வெப்பநிலையில் கூட்டல் சீக்கிரம் குழம்பிவிடும்: −6-இலிருந்து 9 டிகிரி ஏறியது என்றால் கணக்கு உண்டு, ஆனால் ஒரு ஊரின் −6-ஐயும் இன்னொரு ஊரின் 9-ஐயும் கூட்டினால் வரும் 3 எந்த ஊருடையதும் இல்லை.

அந்தப் பிள்ளை டெஸ்ட் தாளின் ஓரத்தில் மாடிகளை வரைந்து, 4 − (−3)-க்கு 7 என்று சரியாகப் போட்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் மாடி வரைஞ்சுக்கிட்டே இருப்பாளா?" என்றார். வரைந்தால் என்ன என்று கேட்டேன். அடுத்த வருஷம் (−2) × (−3) வரும், அதை எந்த மாடிப் படத்திலும் காட்டிப் புரியவைக்க எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை, அதை அவரிடம் சொல்லவில்லை.